எண்ணெய் ஊற்றினால் கட்டை ஏறுமா, இறங்குமா?

கண்ணாடித் தொட்டித் தண்ணீரில் ஒரு கனச்சதுர பிளாஸ்டிக் கட்டை மிதக்கிறது. பக்கம் 10 செ.மீ., எடை 900 கிராம். 9 செ.மீ. தண்ணீருக்குள் இருக்க, 1 செ.மீ. வெளியே தெரிகிறது. இப்போது தண்ணீரின் மேல் மண்ணெண்ணெயை மெல்ல ஊற்றுகிறோம். கட்டை இன்னும் அமிழுமா, எழும்புமா?

பிளஸ் ஒன் மாணவர்களைக் கேட்டால் பலர் ‘அமிழும்’ என்பார்கள். எண்ணெய்க்கும் எடை உண்டு, அது மேலிருந்து அழுத்தும் என்பது அவர்கள் கணக்கு. இன்னும் சிலர், எண்ணெய் கட்டையின் பக்கங்களை மட்டும்தானே தொடுகிறது, அது எப்படி மேல்நோக்கித் தள்ளும் என்று கேட்பார்கள். நல்ல கேள்விதான். ஆர்க்கிமிடீஸ் விதியை மனப்பாடமாகச் சொன்னால் இதற்குப் பதில் கிடைக்காது.

கட்டையின் அடிப்பக்கத்துக்குப் போவோம். அதன் பரப்பு 100 சதுர செ.மீ. 900 கிராமைத் தாங்க, சதுர செ.மீ.க்கு 9 கிராம் அழுத்தம் வேண்டும். 9 செ.மீ. ஆழத் தண்ணீர் சரியாக அதைத்தான் தருகிறது. மண்ணெண்ணெயின் அடர்த்தி தண்ணீரில் ஏறத்தாழ 0.8 பங்கு. அது 5 செ.மீ. உயரத்துக்கு நின்றால், கீழே உள்ள தண்ணீரைச் சதுர செ.மீ.க்கு 4 கிராம் வீதம் அழுத்தும். அந்த அழுத்தத்தைத் தண்ணீர் தன்னோடு வைத்துக்கொள்ளாது. எல்லாத் திசையிலும் குறையாமல் கடத்திவிடும். 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் பாஸ்கல் சொன்னது இதுதான். ஆக, பக்கவாட்டில் மட்டும் தொடும் எண்ணெய், தண்ணீர் வழியாகச் சுற்றி வந்து கட்டையை அடியிலிருந்து தள்ளுகிறது. 4 கிராம் எண்ணெய் கொடுத்தாயிற்று, மீதி 5 கிராமுக்கு 5 செ.மீ. தண்ணீர் போதும். கட்டை தண்ணீரிலிருந்து 4 செ.மீ. எழும்பிவிடுகிறது! கட்டையின் கீழ்ப்பாதி தண்ணீரில், மேல்பாதி எண்ணெயில்.

இதற்கு மேல் எவ்வளவு எண்ணெய் ஊற்றினாலும் கட்டை அசையாது. இப்போது கட்டையின் தலைக்கு மேலும் எண்ணெய் வந்துவிட்டது. கூடுதலாக 3 செ.மீ. ஊற்றினால் மேலே 2.4 கிராம் அழுத்தம் கூடும். அடியிலும் அதே 2.4 கூடும். இரண்டும் சரிக்குச் சரி. நம் காற்றும் கட்டையின் தலையில் சுமார் 100 கிலோ விசையோடு அழுத்திக்கொண்டுதான் இருக்கிறது. கட்டை அமிழாததற்கு இதே காரணம்தான்.

ஒரு நிபந்தனை உண்டு. அடிப்பக்கம் தொட்டியின் தரையோடு ஒட்டி, இடையில் துளித் தண்ணீரும் புகாமல் போனால், தள்ள அங்கே எதுவும் இல்லை. அப்போது எண்ணெய் கட்டையை அழுத்தத்தான் செய்யும்.

இப்படிப்பட்ட கணக்கு தேர்வில் வந்தால், விடையை எழுதியபின் கட்டையின் அடியில் உள்ள அழுத்தத்தைக் கூட்டிப் பாருங்கள். மேலழுத்தத்தைக் கழித்தபின் 9 வராவிட்டால் விடை தவறு.