சாப்பிட உட்கார்ந்தால் தாடைக்கடியில் வீக்கமா?
ஊறுகாயை நாக்கில் வைத்ததுமே தாடைக்கடியில் ஒரு பக்கம் புடைத்து வலிக்கிறது, சாப்பிட்டு ஓரிரு மணி நேரத்தில் தானாக வடிகிறது என்றால், உமிழ்நீர்க் கல்லைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அங்குள்ள சுரப்பியின் உமிழ்நீர் கெட்டியானது. குழாயும் மேல்நோக்கி ஏறுகிறது. அதனால் கால்சியம் தேங்கிக் கல்லாகிறது.

சிறிய கல் என்றால் நிறையத் தண்ணீர் குடித்து, வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, எலுமிச்சைத் துண்டைச் சப்பியபடி தாடைக்கடியில் பின்னிருந்து முன்னோக்கி மெல்ல நீவுங்கள். நாக்கடியில் மணல் போல வந்து விழலாம். ஊசியால் குத்தி எடுக்கவே கூடாது.

சில நாட்களில் சரியாகாவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். பல கற்களை வாய் வழியாகவே எடுத்துவிடலாம். சுரப்பியை அகற்றுவது கடைசி வழி. காய்ச்சல், சீழ், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.