திரும்பி வராத பணம் யார் கையில்?

இணையத்தில் வாங்கிய பொருளைத் திருப்பி அனுப்பிய பின் செயலியில் ‘ரீஃபண்ட் முடிந்தது’ என்று காட்டும். கணக்கில் பணம் வந்துவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. நிறுவனம் தன் பக்கத்திலிருந்து பணத்தை அனுப்ப உத்தரவிட்டிருக்கிறது, அவ்வளவுதான். பணம் நிறுவனத்தின் வங்கி, கார்டு அல்லது யூபிஐ வலைப்பின்னல், வாடிக்கையாளரின் வங்கி என்று கைமாறித்தான் வந்து சேர வேண்டும்.

பணம் எந்த வழியாகத் திரும்புகிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். பல செயலிகள் அதைத் தங்கள் சொந்த வாலட்டிலேயே சேர்த்துவிடுகின்றன. கணக்கில் தேடுபவருக்கு அது கிடைக்காது. கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால், திரும்பும் தொகை சேமிப்புக் கணக்குக்கு வராது. கார்டின் நிலுவையில்தான் கழியும்.

இவை இரண்டும் இல்லையென்றால், கேட்க வேண்டியது ஒரு எண். கார்டு வழி ரீஃபண்டுக்கு 23 இலக்க ஏ.ஆர்.என். உண்டு, யூபிஐ என்றால் 12 இலக்க ஆர்.ஆர்.என். பணம் யாரிடம் நிற்கிறது என்பதைக் கண்டுபிடிக்க உதவுவது இதுதான்.

டெபிட் கார்டில் 1,850 ரூபாய்க்கு வாங்கிய செருப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அளவு சரியில்லை என்று திருப்பியாகிவிட்டது. 5ஆம் தேதி பணம் அனுப்பியதாக நிறுவனம் சொல்கிறது. 16ஆம் தேதி வரை கணக்கில் இல்லை. வாடிக்கையாளர் சேவையில் “இன்னும் சில நாள் பொறுங்க” என்றால், அதோடு விடாமல் ஏ.ஆர்.என்.னை எழுத்தில் கேட்க வேண்டும். எண்ணே தர முடியவில்லை என்றால், பணம் பெரும்பாலும் அவர்களை விட்டுக் கிளம்பவில்லை. தந்துவிட்டால், அதை வங்கியிடம் கொடுத்துத் தேடச் சொல்லலாம். இடையில் அந்தக் கார்டையோ கணக்கையோ மூடியிருந்தால், பணம் வங்கியிலேயே தேங்கியிருக்கக்கூடும். அப்படி எதுவும் வரவில்லை என்று வங்கி சொன்னால், அதையும் எழுத்தில் வாங்கி நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும்.

நிறுவனம் மழுப்பினால், அதன் குறைதீர் அலுவலருக்கு எழுதலாம். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தவறு வங்கியுடையது என்றால், முதலில் வங்கியில் புகார் தர வேண்டும். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் cms.rbi.org.in தளத்தில் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம்.

இந்த அலைச்சலில் இருப்பவர்களைக் குறிவைத்தே, தேடலில் கிடைக்கும் போலி ‘கஸ்டமர் கேர்’ எண்கள் உலவுகின்றன. எண்ணைச் செயலிக்குள்ளிருந்தே எடுங்கள். பணம் பெறுவதற்கு யூபிஐ பின் தேவையே இல்லை, கேட்பவர் மோசடிக்காரர்.