மூன்று முகவரி, ஒரே பட்டியல்

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் ஒருவர். அவருடைய போனில் சொந்த மெயில், ஆபீஸ் மெயில், சங்கத்து மெயில் என மூன்று கணக்குகள். ஜிமெயில் ஆப்பைத் திறந்தால் மின்கட்டண ரசீது, அதன் மேல் மேனேஜரின் கேள்வி, அதற்கும் மேல் லிஃப்ட் பராமரிப்புக் கொட்டேஷன். எது எந்த முகவரிக்கு வந்தது என்று தெரியாமல் விழிக்கிறார்.

அவர் பார்த்துக்கொண்டிருப்பது All inboxes என்கிற பட்டியல். இது நான்காவதாக ஒரு பெட்டி இல்லை. மெயில்கள் அந்தந்தக் கணக்கிலேயே கிடக்கின்றன. ஆப் அவற்றை நேர வரிசையில் கலந்து காட்டுகிறது, அவ்வளவுதான். குழப்பமும் இங்கேதான் தொடங்குகிறது. எல்லாக் கணக்குகளும் ஒரே நேரத்தில் புதுப்பிக்கப்படுவதில்லை. 10.05-க்கு வந்த மெயிலை ஆப் 10.30-க்குத்தான் இழுத்து வந்தது என்றால், அது உச்சியில் நிற்காது, 10.20-க்கு வந்தவற்றுக்குக் கீழே போய்ச் செருகிக்கொள்ளும். மேலே மட்டும் பார்க்கிறவர் ‘வரவே இல்லை’ என்பார். சங்கத்து மெயிலைச் சொந்தக் கணக்குக்கும் ஃபார்வர்டு செய்து வைத்திருந்தால், ஒரே கொட்டேஷன் இரண்டு முறை தெரியும்.

இரட்டையாக இருக்கிறதே என்று ஒன்றை அழிக்கும்போதுதான் வினை. அழிவது நகல் இல்லை, அந்தக் கணக்கில் உள்ள மெயிலே. சங்கத்துக் கணக்கைத் தலைவரும் பொருளாளரும் திறப்பார்கள் என்றால், அவர்களுக்கும் இன்பாக்ஸில் அது இருக்காது. குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும், அதற்குள் மீட்டுக்கொள்ளலாம். ஆகவே அழிக்கும் முன் மெயிலைத் திறந்து, அனுப்பியவர் பெயருக்குக் கீழே உள்ள சிறிய அம்புக்குறியைத் தொடுங்கள்; எந்த முகவரிக்கு வந்தது என்று தெரியும். புது மெயில் எழுதும்போதும் From வரியை ஒரு கண் பாருங்கள். சங்க நோட்டீஸ் ஆபீஸ் முகவரியிலிருந்து போனால் பதில்களும் அங்கேதான் வந்து விழும்.

தனித்தனியாகப் பார்ப்பது சுலபம். மேலே வலது மூலையில் உள்ள உங்கள் படத்தைத் தொட்டு, வேண்டிய கணக்கைத் தேர்ந்தெடுங்கள். பிறகு இடது மூலையின் மூன்று கோடுகளைத் தொட்டு Primary என்பதற்குப் போங்கள். சிலருக்கு அங்கே Inbox என்று இருக்கும். அந்தப் படத்தின் மேல் விரலை மேலோ கீழோ இழுத்தாலும் கணக்கு மாறும். ஐபோனின் மெயில் ஆப்பில் Mailboxes பக்கத்தில் All Inboxes-க்குக் கீழே ஒவ்வொரு கணக்கின் பெட்டியும் தனியாக இருக்கிறது. அங்கே Edit தொட்டு All Inboxes-க்கு எதிரே உள்ள டிக்கை எடுத்துவிட்டால் அது கண்ணிலேயே படாது.

காலையில் என்ன வந்திருக்கிறது என்று மேலோட்டமாகப் பார்க்கக் கலந்த பட்டியல் போதும். பதில் எழுதவும் அழிக்கவும் தனிக் கணக்குக்குள் போய்விடுவதே என் வழக்கம்.