முதல் ஊழியருக்குச் சம்பளம் போடும்போது

யாழ்ப்பாணத்தில் ஒருவர் சிறிய கைபேசிக் கடை வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இதுவரை தனியாகவே பார்த்துவந்தவர், மாதம் 40,000 ரூபாய் அடிப்படைச் சம்பளத்துக்கு ஒரு பிள்ளையை வேலைக்கு எடுக்கிறார். மாத முடிவில் பணத்தை எண்ணிக் கொடுத்தால் கடமை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இலங்கைச் சட்டப்படி, ஊழியர் ஒருவரே என்றாலும் சேமலாப நிதி கட்டவேண்டும். தற்காலிகம், பயிற்சிக் காலம் என்று சொல்லித் தள்ளிப்போட முடியாது. முதல் நாளிலிருந்தே அது பொருந்தும்.

எனவே முதல் வேலை, தொழில் திணைக்களத்தில் தொழில்தருநராகப் பதிந்து இலக்கம் பெறுவது. ஊழியரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், வேலையில் சேர்ந்த திகதி ஆகியவற்றை அப்போதே சரிபார்த்து எழுதிவையுங்கள். இலக்கத்தில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும், பிற்காலத்தில் பணம் எடுக்கப் போகும்போது அலைய வேண்டியது அந்தப் பிள்ளைதான்.

இனிக் கணக்கு. இந்த மாதம் மேலதிக நேர வேலைக்கு 3,000 ரூபாய் சேர்ந்தது என்போம். மொத்தம் 43,000. சேமலாப நிதிக்கு மேலதிக நேரப் பணத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே 40,000இல் 8 வீதமான 3,200 ரூபாயைக் கழிக்கவேண்டும். ஊழியர் கைக்குப் போவது 39,800. முதலாளி தன் பணத்திலிருந்து சேமலாப நிதிக்கு 12 வீதம், அதாவது 4,800 ரூபாயும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம், அதாவது 1,200 ரூபாயும் போடவேண்டும். இந்த இரண்டையும் ஊழியரின் சம்பளத்தில் கழிப்பது சட்டவிரோதம்.

நாட்காட்டியில் இரண்டு திகதிகளைக் குறித்துவையுங்கள். கடை ஊழியரின் மாதச் சம்பளத்தை மாதம் முடிந்து 10 நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். நிதிப் பணத்தை அடுத்த மாதக் கடைசி வேலைநாளுக்குள் கட்டவேண்டும். சேமலாப நிதிக்குத் தாமதித்தால் 5 வீதத்தில் தொடங்கும் மிகைக்கட்டணம், ஒரு வருடம் தாண்டும்போது 50 வீதத்தைத் தொடும். கையிருப்புக் குறைந்த மாதத்தில் அந்த 3,200ஐக் கடைச் செலவுக்குத் திருப்புவதிலிருந்துதான் நிலுவை வளரத் தொடங்குகிறது. கழித்த அன்றே அதை வேறு கணக்கில் போட்டுவிடுங்கள்.

சம்பளச் சீட்டில் மாதம், அடிப்படைச் சம்பளம், மேலதிக நேரம், கழிவு, கையில் கொடுத்தது, முதலாளி போட்ட பங்குகள் எல்லாம் தனித்தனி வரியாக இருக்கட்டும். ஒரு பிரதியில் ஊழியரின் கையெழுத்தை வாங்கி, வரவுப் பதிவோடும் நிதி கட்டிய பற்றுச்சீட்டோடும் மாதவாரியாகக் கோவையிடுங்கள். தொழில் அலுவலர் வந்தால் இந்த மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று ஒப்பிடலாம்.

40,000 ரூபாய் அடிப்படைச் சம்பளத்துக்கு ஆள் எடுப்பவருக்கு, மேலதிக நேரம் இல்லாத மாதத்திலும் 46,000 ரூபாய் செலவாகும். சம்பளம் பேசுவதற்கு முன்பே அந்தத் தொகையைக் கணக்கில் எடுங்கள்.