மாத்திரைக்கு அடங்காத வாடை

சுகப்பிரசவம் ஆன ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். தலைப்பிள்ளை, பிறப்புறுப்பின் வாயிலில் சிறிது வெட்டித் தையல் போட்டிருக்கிறார்கள். தைக்கும்போது மேலிருந்து வடியும் இரத்தம் மறைக்காமலிருக்க, உள்ளே காஸ் துணியைச் சுருட்டி வைப்பது வழக்கம். தையல் முடிந்ததும் அதை எடுத்துவிட வேண்டும். இரத்தப்போக்கு அதிகமாக இருந்தால் வேண்டுமென்றே துணியை அடைத்து வைத்து, மறுநாள் எடுப்பதும் உண்டு. இரண்டிலும் எப்போதாவது ஒரு துணி உள்ளேயே தங்கிவிடுகிறது.

வீட்டுக்கு வந்து ஒரு வாரத்தில் வாடை தொடங்குகிறது. "பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்கிறார் மாமியார். பிரசவத்துக்குப் பின் வரும் போக்கில் பச்சை இரத்த வாடை இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது நாளாக நாளாகக் குறைய வேண்டும்; நிறமும் சிவப்பிலிருந்து பழுப்பாகி, மஞ்சள் கலந்த வெளுப்பாக வேண்டும். இவளுக்கோ நாற்றம் கூடிக்கொண்டே போகிறது. செத்த எலியின் நாற்றம், பக்கத்தில் உட்காருபவருக்கும் தெரிகிற அளவுக்கு. மருந்துக்கடையில் சொல்லி மாத்திரை வாங்குகிறார்கள். ஐந்து நாள் சற்றுக் குறைகிறது. மாத்திரை தீர்ந்ததும் திரும்பி வருகிறது.

இப்படிக் குறைந்து திரும்புவதுதான் துப்பு. இரத்தம் ஊறிய துணி சூடான, காற்றுப் புகாத இடத்தில் கிடந்தால், ஆக்சிஜன் இல்லாமல் வாழும் கிருமிகள் அதில் பெருகுகின்றன. நாற்றம் அவற்றின் கழிவு. நாம் விழுங்கும் ஆன்டிபயாடிக் இரத்தத்தின் வழியாகத்தான் போய்ச் சேரும். துணிக்குள் இரத்தக் குழாய் ஏது? ஆகவே பரிசோதிக்காமல் மாத்திரை எழுதுவதில் அர்த்தமில்லை. மருத்துவர் ஸ்பெகுலம் வைத்து விரித்துப் பார்த்து, இடுக்கியால் துணியை எடுப்பது சில நிமிட வேலை. பிரசவித்த பெண் இதைத் தானே செய்யக் கூடாது, தையல் பிரியலாம். கூடவே காய்ச்சலோ அடிவயிற்று வலியோ இருந்தால், நஞ்சுக்கொடித் துணுக்கு தங்கியிருக்கலாம், கருப்பையிலேயே தொற்று ஏற்பட்டிருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

டேம்பான் பயன்படுத்துபவர்களுக்கு வருவதும் இதே கதைதான். மாதவிலக்கின் கடைசி நாளில் வைத்ததை மறந்துவிடுவார்கள். அல்லது பழையதை எடுக்காமல் புதியதை வைக்க, முதலாவது மேலே தள்ளப்பட்டு நூலும் சுருண்டுவிடும். உள்ளே இருப்பது தெரியாமல் உடலுறவு கொண்டாலும் இப்படி ஆகும். வயிற்றுக்குள் போய்விட்டதோ என்று பலர் நடுங்குகிறார்கள். போகாது. யோனியின் மேல்முனையில் கருப்பை வாய் இருக்கிறது. அதன் துளை டேம்பான் நுழைய முடியாத அளவுக்குச் சிறியது.

காய்ச்சல், வலி எதுவும் இல்லையென்றால் ஒருமுறை தானே எடுத்துப் பார்க்கலாம். நகத்தை வெட்டி, கையைச் சோப்பால் கழுவிவிட்டுக் குந்தி உட்கார வேண்டும். மலம் கழிப்பதுபோல் லேசாக முக்கினால் உள்ளிருப்பது கீழே இறங்கும். ஒன்றிரண்டு விரல்களை உள்ளே விட்டுச் சுற்றிலும் தடவ வேண்டும். பின்பக்கத்து மேல்மூலையில்தான் பெரும்பாலும் ஒதுங்கியிருக்கும். நூலோ ஓரமோ பட்டால் இரு விரலால் பிடித்து மெதுவாக இழுக்கலாம். எட்டவில்லை, அல்லது பிய்ந்து வந்தது என்றால் அதோடு நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போவதுதான் சரி. புருவ இடுக்கி, ஹேர்பின் போன்ற எதையும் உள்ளே விடக் கூடாது. தண்ணீரோ வாசனைத் திரவமோ பீய்ச்சிக் கழுவவும் வேண்டாம்.

மருத்துவரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால், "உள்ளே ஏதோ தங்கியிருக்குன்னு நினைக்கிறேன், பாருங்க" என்ற ஒரு வாக்கியம் போதும். அவர்களுக்கு இது புதிதல்ல. எடுத்ததை உடனே கையுறைக்குள் வைத்து முடிச்சுப் போட்டுவிடுவார்கள், அறை நாறாமலிருக்க. வேறு தொந்தரவு இல்லையென்றால் பெரும்பாலும் மருந்தே தேவைப்படாது; ஓரிரு நாளில் வாடை போய்விடும். போகவில்லையென்றால் மறுபடி பார்க்க வேண்டும்.

அபூர்வமாக ஓர் ஆபத்து உண்டு. சில ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமிகள் சுரக்கும் நச்சு இரத்தத்தில் கலந்துவிடும். 1980இல் அமெரிக்காவில், அதிகம் உறிஞ்சும் டேம்பான்களைப் பயன்படுத்திய பெண்கள் பலர் இதனால் பாதிக்கப்பட்ட பிறகுதான் உலகம் இதைக் கவனித்தது. திடீரென்று கடும் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, தலைசுற்றல், வெயிலில் வெந்ததுபோல் சிவந்த தோல் ஆகியவை அறிகுறிகள். நாற்றம் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. டேம்பான் கைக்கு எட்டினால் எடுத்துவிட்டு, உடனே 108ஐ அழைக்க வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே டேம்பானை வைக்கக் கூடாது என்பது இதனால்தான்.

நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் எல்லாமே துணியால் வருவதல்ல. மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு இரத்தம் கலந்து நாறினால் கருப்பை வாய்ப் புற்றுநோயா என்று பார்த்தாக வேண்டும். சிறுமிக்கு வந்தால் காகிதத் துண்டோ விளையாட்டுப் பொருளோ உள்ளே இருக்கலாம், யாராவது அவளிடம் தவறாக நடந்திருக்கவும் கூடும். திட்டாமல் கேட்டு, மருத்துவரிடம் காட்ட வேண்டும். பிரசவ வார்டிலிருந்து கிளம்பும்போது, "உள்ளே வச்ச துணி எல்லாத்தையும் எடுத்தாச்சா சிஸ்டர்?" என்று கேட்டு, சீட்டில் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.