நீச்சல், சைக்கிள், ஓட்டம்: எதில் கலோரி அதிகம் செலவாகும்?
கடலூர் டூ சிதம்பரம் சுமார் 45 கி.மீ. 70 கிலோ எடையுள்ள ஒருவர் இந்த தூரத்தை நிதானமாக சைக்கிளில் கடந்தால், ஏறக்குறைய 1,000 கலோரி செலவாகும். அதே கலோரிக்கு சுமார் 15 கி.மீ. ஓடினால் போதும். நீச்சல் என்றால் 4 கி.மீ.தான்!

ஏன் இப்படி? ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையை நாமே தூக்குகிறோம். சைக்கிளில் அந்த எடையை சீட் தாங்கிக்கொள்ளும். தண்ணீரும் நம்மைத் தாங்கும். ஆனால் முன்னே போகவிடாமல் தடுக்கும்.

அப்போ நீச்சல்தான் பெஸ்ட்டா? தூரத்தை விடுங்க, நேரத்தைப் பாருங்க. சாதாரண வேகத்தில் மூன்றுக்குமே சுமார் 2 மணி நேரம் ஆகும். அதனால் நிற்காமல் அதிக நேரம் எதைச் செய்ய முடியுமோ, அதைத் தேர்ந்தெடுங்கள். புதிதாக நீந்துபவருக்கு சில நிமிடத்திலேயே மூச்சு வாங்கும். மூட்டு வலி இருந்தால் சைக்கிள் நல்லது.