ரத்தப் பரிசோதனைச் சீட்டில் லட்சமா, ஆயிரமா?

போன மழைக்காலத்தில் ஒரு நாள் மாலை, எங்கள் சேத்தூர்த் தெருவின் கடைசி வீட்டுப் பெண் கையில் இரண்டு காகிதங்களோடு ஓடி வந்தாள். அவளுடைய எட்டு வயது மகளுக்கு நாலு நாளாகக் காய்ச்சல்.

"அக்கா, முந்தாநாள் இங்க எடுத்ததுல தட்டணு 1.2 லட்சம்னு போட்டிருந்தாங்க. இன்னிக்கு ராஜபாளையத்துல எடுத்தா வெறும் 118ன்னு வந்திருக்கு. எம் பிள்ளைக்கு என்னக்கா ஆச்சு?"

அவள் கை நடுங்கியது. நியாயம்தானே! டெங்குக் காய்ச்சலில் ரத்தத் தட்டணுக்கள் குறையும் என்பது இன்று எல்லாத் தாய்மார்களுக்கும் தெரியும்.

சீட்டை வாங்கிப் பார்த்தேன். 118 என்ற எண்ணுக்குப் பக்கத்திலே பொடி எழுத்தில் `10³/µL` என்றிருந்தது. 10³ என்றால் ஆயிரம். ஆகவே அது 118 ஆயிரம். நம் கணக்கில் 1,18,000, அதாவது 1.18 லட்சம். முந்தாநாள் 1,20,000. வித்தியாசம் இரண்டாயிரம்தான். முதல் சீட்டில் `cumm` என்று இருந்ததே என்கிறீர்களா? கன மில்லிமீட்டரும் மைக்ரோலிட்டரும் ஒரே அளவுதான். சில சீட்டுகளில் `10⁹/L` என்று இருக்கும். அதிலும் எண் 118ஆகவே வரும். பில்லியன் என்பது 100 கோடி. ஒரு லிட்டரில் 10 லட்சம் மைக்ரோலிட்டர். வகுத்தால் அதே ஆயிரம்! (பிரிட்டிஷ் அரசாங்கக் கணக்கில் 1974 வரை பில்லியன் என்றால் லட்சம் கோடி. பழைய அகராதி வைத்திருப்பவர்கள் ஜாக்கிரதை.)

அதே சீட்டில் சிவப்பணு 4.2 மில்லியன் என்றிருந்தது. மில்லியன் என்பது 10 லட்சம். ஆக 42 லட்சம். அதை 4.2 லட்சம் என்று வாசித்தால் பத்தில் ஒரு பங்காகிவிடும்!

காற்புள்ளியும் ஏமாற்றும். 118,000 என்று போட்டிருந்தால் அது வெளிநாட்டு முறை. வலமிருந்து முதல் மூன்று இலக்கம் இரண்டு முறைக்கும் பொது. அதற்கப்புறம் நாம் இரண்டிரண்டாகப் பிரிக்கிறோம், அவர்கள் மும்மூன்றாக. குழப்பமாயிருந்தால் புள்ளிகளை மறந்துவிட்டு இலக்கங்களை எண்ணுங்கள். ஆறு இலக்கம் என்றால் லட்சம். ஐந்துதான் என்றால் லட்சத்துக்குக் கீழே. 18,000த்தையும் 1,80,000த்தையும் பிரிப்பது ஒரு சைபர்தான், ஆனால் முன்னதில் பிள்ளை ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு. முடிவுக்கு எதிரே சாதாரண அளவு அச்சாகியிருக்கும். அங்கே 150 – 410 என்றிருந்தால் எண்கள் ஆயிரக்கணக்கில், 1.5 – 4.1 என்றிருந்தால் லட்சக்கணக்கில். 150க்கு எதிரே 118 என்றால் குறைவுதான், ஆனால் பாதாளம் அல்ல.

"அப்ப பயமில்லையாக்கா?" என்றாள்.

"எண்ணைத்தான் நான் வாசிச்சேன்மா, பிள்ளையைப் பாக்க வேண்டியது டாக்டர்" என்றேன். தட்டணு லட்சத்துக்குக் கீழே இறங்கினாலும், எண் நன்றாயிருந்தும் ஓயாத வாந்தி, கடும் வயிற்றுவலி, ஈறில் ரத்தம் என்று எதையாவது கண்டாலும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன்.

டாக்டருக்குப் போன் போட்டாள். இந்தத் தடவை "118" என்று மட்டும் சொல்லாமல், "118 ஆயிரம், சாதாரண அளவு 150லிருந்து 410 ஆயிரம்னு போட்டிருக்கு சார்" என்று முழுசாக வாசித்தாள். மறுநாள் காலை மறுபடி ரத்தம் எடுத்துவரச் சொன்னார்.